தறி ஊர்களில் பிரஷர் ட்ரையல்: கிராண்ட் பட்ஜெட் விளக்கமும் டைம்லைனும், அடிக்கடி வரும் கேள்விகள்

பல்லடம், சோமனூர், காரணம்பேட்டை பக்கம் சின்ன அளவில் சுகாதார ட்ரையல் செய்ய நினைப்பவர்கள் புரொபோசலின் மற்ற பக்கங்களை எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டு பக்கத்தில் வந்துதான் நிற்கிறார்கள். எங்களிடம் வந்த கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். உதாரணம் எல்லாம் ஒரே ட்ரையல்தான். விசைத்தறி ஊர்கள் 16. ஊருக்கு 20 பேர், மொத்தம் 320 பேர், எல்லோரும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள். 8 ஊரில் உள்ளூர்த் தொண்டர் ஒருவர் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய் பிரஷர் பார்த்து, மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டு, தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். மற்ற 8 ஊரில் வழக்கம்போல, அவைதான் கட்டுப்பாட்டு ஊர்கள். 6 மாதம் கழித்து இரண்டு பக்கமும் மேல் அழுத்தத்தின் சராசரியை ஒப்பிடுகிறோம். ரூபாய்க் கணக்கெல்லாம் எங்கள் ஊர் விலை, உங்கள் கொட்டேஷனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

320 பேர் எங்கிருந்து வந்தது? பட்ஜெட்டில் அதை விளக்க வேண்டுமா?

வேண்டும், இரண்டு வரியில். மேல் அழுத்தத்தில் 6 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், ஆளுக்கு ஆள் மாறுபாடு 15 புள்ளி என்று வைத்தால், 80 சதவீத பவருக்கு ஒரு பக்கத்துக்கு 98 பேர் போதும். ஆனால் நாம் ஆளை அல்ல, ஊரைக் குலுக்கிப் போடுகிறோம். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே கடை உப்பு, ஒரே டாக்டர் என்று ஒருவரைப்போல ஒருவர் இருப்பார்கள். அதற்காக 1.38 மடங்கு கூட்டினோம் (ஊருக்கு 20 பேர், ஒற்றுமைக் கெழு 0.02). 135 ஆனது. நடுவில் 15 சதவீதம் பேர் விட்டுப்போவார்கள் என்று சேர்த்தால் 159. ஊருக்கு 20 என்றால் பக்கத்துக்கு 8 ஊர். பட்ஜெட்டில் வரும் எல்லா எண்ணும் இந்த 16-லிருந்தும் 320-லிருந்தும்தான் பிறக்கின்றன, அதனால் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பரிசீலிப்பவர் பக்கம் புரட்டித் தேட மாட்டார்.

போக்குவரத்து 1,50,000 என்று மொத்தமாகப் போட்டால் என்ன?

நாங்கள் அப்படித்தான் போட்டோம். "இதற்கு அடிப்படை என்ன?" என்று ஒரே வரி எழுதி புரொபோசலையே திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தொகை அதிகம் என்று யாரும் சொல்லவில்லை, எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். ரொம்பக் கோபம் வந்தது அப்போது. அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, எங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

எண்ண வேண்டியது ரூபாயை அல்ல, வேலையை. எத்தனை முறை, யார், எங்கே போவார்கள், ஒரு நாளில் எத்தனை முடியும் என்று முதலில் பார்த்துவிட்டால் ரூபாய் தானாக வரும். டைம்லைனும் அதே கணக்கிலிருந்து வரும். இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பட்ஜெட்டில் ஒரு கணக்கு, அட்டவணையில் வேறு கணக்கு என்று இருந்தால் பரிசீலிப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

320 பேருக்குத்தானே செலவு? ஏன் 3,200 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள்?

பெரும்பாலான சின்ன புரொபோசல்கள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. 320 பேர் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள், தேட வேண்டும். முன்னோட்டமாக ஒரு ஊரில் பார்த்ததில், 30 வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேரைப் பார்த்தால் ஒருவர்தான் தகுதியாகவும் இருந்தார், சம்மதமும் சொன்னார். அப்படியென்றால் ஊருக்கு 200 பேர், 16 ஊருக்கு 3,200 பேர்.

ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும், அரை மணி நேரத்துக்கு முன் டீ, பீடி கூடாது, பிறகு ஒரு நிமிட இடைவெளியில் மூன்று அளவு. பெயர், வயது, மாத்திரை விவரம் எல்லாம் சேர்த்தால் 15 நிமிடம். இரண்டு பேர் கொண்ட ஒரு குழு ஆறு மணி நேரத்தில் காகிதத்தில் 48 பேரைப் பார்க்கும். ஊரில் 40. ஒரு தடவை தறிக்குடோனுக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை, அந்த இரைச்சலில் எடுத்த அளவை யார் நம்புவார்கள்? அங்கிருந்து எழுந்து கோவில் மண்டபத்துக்குப் போனோம். மண்டபத்துக்கு வாடகை இல்லை, ஆனால் நாற்காலி வாடகை உண்டு. அது ஒரு வரி.

3,200 பேரை ஒரு நாளுக்கு 40 வீதம் பார்த்தால் 80 குழு நாள். இதோடு முடியவில்லை. ஒரே நாள் அளவை வைத்துச் சேர்க்க முடியாது, அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களை இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். ஊருக்கு 45 பேர், மொத்தம் 720. இதில் பாதிப் பேர் தோட்டத்துச் சாளையில் இருப்பார்கள், தேடிப் போக வேண்டும், அதனால் நாளுக்கு 20தான். 36 குழு நாள். ஆக மொத்தம் 116. குழு இரண்டு என்றால் குழுவுக்கு 58 நாள். மாதம் 20 களப்பணி நாள் என்று வைத்தால், 3 மாதம் முழுசாக.

இப்போது போக்குவரத்து வரி இப்படி ஆகிறது:

"தேர்வுப் பணிக்கு 116 குழு நாட்கள். இரண்டு பணியாளர் ஒரே இருசக்கர வாகனத்தில் செல்வர். சராசரி போக்குவரத்து நாளொன்றுக்கு 35 கி.மீ., நிறுவன விகிதம் கி.மீ.க்கு ரூ. 6. 116 × 35 × 6 = ரூ. 24,360."

அவ்வளவுதான். இந்த மாதிரி நாலு வரி சேர்த்தால் போக்குவரத்து மொத்தமும் விளங்கிவிடும், எங்களுக்கு அந்த 1,50,000-த்தில் பாதிகூட வரவில்லை.

களப் பணியாளர் நாலு பேரை 18 மாதமும் வைத்துக்கொண்டால் என்ன தப்பு?

நாலு பேர் 18 மாதம் என்றால் 72 ஆள் மாதம். மாதம் 18,000 என்று வைத்தாலே 12,96,000. முதல் தடவை நாங்களும் இப்படித்தான் எழுதினோம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கையில் வருவதற்கு முன் ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது, பணியாளர்களோ முதல் மாதமே சேர்ந்தாயிற்று. மூன்று மாதம் ஆபீசில் படிவம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சம்பளத்தை யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட்டில் காட்டும்போது ஆடிட்டர் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

வேலை எந்த மாதத்தில் இருக்கிறதோ அந்த மாதத்தில்தான் ஆள். 4-ஆம் மாதம் சேர்ந்து பயிற்சி, 5-லிருந்து தேர்வுப் பணி. அது 8-ஆம் மாத நடுவில் முடிகிறது (3 மாதம் ஏன் மூன்றரை ஆனது என்று கீழே சொல்கிறேன்). நாலு பேருக்கு நாலரை மாதம், 18 ஆள் மாதம். அதற்கப்புறம் அளவெடுக்க மட்டும் இரண்டு பேர், ஆறரை மாதம், 13 ஆள் மாதம். மொத்தம் 31, ரூபாயில் 5,58,000.

"அப்புறம் எதற்கு இரண்டு பேர், ஒருவர் போதாதா?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஊர்களை எட்டு எட்டாக இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குகிறோம், ஒவ்வொரு தொகுதியிலும் 4 ஊருக்குத் தொண்டர், 4 ஊர் வழக்கம்போல. ஒரு தொகுதியில் 160 பேர். நேரில் போனால் பத்தில் மூன்று பேர் முதல் தடவை இருக்க மாட்டார்கள், ஆக 208 தடவை போக வேண்டும். ஷிப்ட் காலை 8, இரவு 8 என்று மாறுகிறது. ராத்திரி ஷிப்ட்காரர் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவதற்குள் பிடிக்க வேண்டும், பகல் ஷிப்ட்காரரை ராத்திரி எட்டரைக்கு மேல். ஒரு பணியாளர் ஒரு நாளில் 6 வீடு பார்த்தால் பெரிய விஷயம். 208-ஐ 6-ஆல் வகுத்தால் 35 நாள். குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பின் என்று நாலு வாரம்தான் அவகாசம், அதில் வேலை நாள் 20. ஒருவரால் முடியாது. இருவர் என்றால் 18 நாளில் முடியும். இந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள், கேள்வியே வராது.

தொண்டரே கடைசி அளவையும் எடுத்துவிட்டால் அந்த இரண்டு பேர் சம்பளம் மிச்சமாகுமே?

ஆகும், ட்ரையலும் போய்விடும். ஆறு மாதம் ஒருவருக்காக அலைந்தவர், அவருக்குப் பிரஷர் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் விரும்புவார். மெஷின் தானாக எண் காட்டினாலும், "இன்னொரு தடவை பார்க்கலாங்க" என்று சொல்வது அவர் கையில்தான் இருக்கிறது. மேலும் கட்டுப்பாட்டு ஊர்களில் தொண்டரே இல்லை, அங்கே யார் எடுப்பது? அளவெடுப்பவருக்கு எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது, அதற்காகத்தான் இந்தத் தனி ஆட்கள். பட்ஜெட் விளக்கத்தில் இந்த ஒரு வாக்கியம் அந்தச் சம்பளத்தைக் காப்பாற்றும். ஊர்க்காரர் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார், முழுசாக மறைக்க முடியாது. அதையும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள்.

"மக்களைத் தேடி மருத்துவம்" இருக்கும்போது உங்களுக்கு எதற்குப் பணம் என்று கேட்டால்?

நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதனால்தான் நம் பட்ஜெட்டில் மாத்திரைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, இதை வெளிப்படையாக எழுதுங்கள். கட்டுப்பாட்டு ஊர்களின் "வழக்கம்போல" என்பதே இந்தத் திட்டம்தான். நாம் பார்ப்பது, அதன்மேல் மாதாந்தர உள்ளூர்த் தொண்டர் சேர்ந்தால் கூடுதல் பலன் உண்டா என்பதை மட்டும். இதை எழுதாமல் விட்டால் இரட்டைச் செலவு என்று தோன்றும். எழுதினால் அரசுத் திட்டத்துக்கே பயன்படும் கேள்வியாக மாறும்.

கூடவே இன்னொன்று. மாத்திரை தீர்ந்துபோய் நிலையத்தில் இரண்டு வாரம் இல்லை என்றால் இரண்டு பக்கமும் பாதிக்கும். அதற்குப் பட்ஜெட் போட முடியாது, ஆனால் தொண்டர் படிவத்தில் "மாத்திரை கிடைத்ததா" என்று ஒரு கட்டம் வையுங்கள்.

மெஷின் எத்தனை, எப்படி எழுதுவது?

பணியாளருக்கு 4, தொண்டருக்கு 8, கையிருப்பு 2. மொத்தம் 14. ஒன்று 2,600 வீதம் 36,400, ஜிஎஸ்டி உள்பட, கொட்டேஷன் இணைப்பில். மேல்கைப் பட்டை மெஷின் மட்டும் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சரிபார்க்கப்பட்ட மாடலா என்று பார்த்து அதையும் குறிப்பிடுங்கள். பெரிய அளவுப் பட்டை தனியாக நாலு வாங்குங்கள். பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். பேட்டரிக்கு ஒரு வரி போடுங்கள். எங்களுக்கு அது இல்லாமல் பணியாளர்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள்.

தொண்டர் ஊக்கத்தொகையை வருடவாரியாக எப்படிப் பிரிப்பது?

பாதிக்குப் பாதி என்று பிரிக்காதீர்கள். தொண்டர் வருகிற ஊர்களில் 160 பேர், 6 மாதம், 960 சந்திப்பு. சந்திப்புக்கு 150 என்றால் 1,44,000. முதல் தொகுதியில் தொண்டர் வருகிற 4 ஊரின் 80 பேருக்கு வேலை 6-ஆம் மாத நடுவில் தொடங்கி 12-ஆம் மாத நடுவில் முடிகிறது. அவர்களுடைய 480 சந்திப்பும் முதல் வருடத்திலேயே. இரண்டாம் தொகுதி 8-ஆம் மாத நடுவில் தொடங்குகிறது, வருடம் முடிவதற்குள் நாலு சுற்று, 320 சந்திப்பு. மீதி 160 மட்டும் இரண்டாம் வருடம். ஆக முதல் வருடம் 1,20,000, அடுத்த வருடம் 24,000. பாதியாகப் பிரித்திருந்தால் முதல் வருடத்தில் 48,000 குறைந்து, பத்தாம் மாதத்தில் தொண்டருக்குக் கொடுக்கக் கையில் காசு இருந்திருக்காது.

மாதச் சம்பளமாகக் கொடுக்காமல் சந்திப்புக்கு என்று கொடுப்பது ஏன் என்று கேட்பார்கள். கணக்கு சுலபம் என்பது ஒன்று. ஆனால் போகாமலேயே படிவம் நிரப்பும் ஆசையும் அதில்தான் இருக்கிறது, அதனால் பத்தில் ஒரு சந்திப்பை ஒருங்கிணைப்பாளர் போனில் சரிபார்ப்பார் என்று சேர்த்துவிடுங்கள்.

பங்கேற்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

போய்வந்த செலவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடு கொடுக்கலாம், ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் ஆசை காட்டுகிற அளவுக்கு இருக்கக் கூடாது, தொகையை எத்திக்ஸ் கமிட்டி பார்த்து ஒப்ப வேண்டும். நாங்கள் வீட்டுக்கே போவதால் கூலி இழப்பு இல்லை, தேர்வு முகாமுக்கு வருகிறவருக்கு டீயும் பன்னும் மட்டும். டீ அளவு எடுத்த பிறகு!

டைம்லைனை எந்த மாதத்திலிருந்து தொடங்குவது? பணம் எப்போது வரும் என்றே தெரியாதே.

முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணால் எழுதுங்கள், ஜனவரி பிப்ரவரி என்று வேண்டாம். ஆனால் உங்கள் நோட்டில் ஒரு ஊகத் தேதி வைத்து, உள்ளூர்க் காலண்டரோடு ஒரு தடவை ஒட்டிப் பாருங்கள்.

ஜூலையில் பணம் வருகிறது என்று வைப்போம். முதல் மூன்று மாதம் எத்திக்ஸ் அனுமதி, பொது சுகாதாரத் துறை அனுமதி, இந்திய ட்ரையல் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவு. இவற்றில் ஒரு வரிசை இருக்கிறது. சிடிஆர்ஐ பதிவுக்கு எத்திக்ஸ் கடிதம் வேண்டும், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு எண் வந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவை எடுப்பதில்லை. பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அங்கிருந்து கேள்விகள் வரும், பதில் போட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். சொந்தமாக எத்திக்ஸ் கமிட்டி இல்லாத தொண்டு நிறுவனம் என்றால், வேறு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட வேண்டும், அது பதிவுபெற்ற கமிட்டியா என்றும் பார்க்க வேண்டும், அவர்கள் கட்டணத்துக்கும் ஒரு வரி. முடிந்தால் புரொபோசல் பரிசீலனையில் இருக்கும்போதே எத்திக்ஸுக்குப் போட்டுவிடுங்கள்.

அக்டோபர் பயிற்சி. நவம்பர், டிசம்பர், ஜனவரி தேர்வுப் பணி. இங்கேதான் நோம்பி வருகிறது. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். போனஸ் வாங்கிய கையோடு ஊருக்குப் போனவர்கள் திரும்ப ஒரு வாரம் ஆகும், தறியும் நிற்கும். பொங்கலுக்கு இன்னொரு வாரம். மூன்று மாதத்தின் 60 நாளில் 10 போனால் 50. நமக்கு வேண்டியது 58. எட்டு நாள் குறைகிறது, அது பிப்ரவரி நடுவரை இழுக்கும். மேலே மூன்றரை மாதம் என்று போட்டது இதனால்தான்.

குலுக்கல் எப்போது என்பதையும் அட்டவணையில் காட்டுங்கள். ஒரு தொகுதியின் எட்டு ஊரிலும் ஆட்களைச் சேர்த்து அளவெடுத்து முடித்த பிறகுதான் ஊர்களைக் குலுக்கிப் போட வேண்டும். முன்பே போட்டுவிட்டால் தொண்டர் வருகிற ஊரில் சம்மதம் அதிகமாகவும் மற்ற ஊரில் குறைவாகவும் வரும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்க மாட்டார்கள்.

கடைசி அளவு 6 மாதம்தானே, 12-ஆம் மாதத்தில் முடித்துவிடலாமே?

ஆறு மாதத்தை முதல் ஆளிடமிருந்து எண்ணுகிறீர்கள். கடைசி ஊரிலிருந்து எண்ணுங்கள். இரண்டாம் தொகுதிக்குக் குலுக்கல் 8-ஆம் மாத நடுவில், ஆறு மாதம் கூட்டினால் 14-ஆம் மாத நடு, அவகாசம் இரண்டு வாரம் சேர்த்தால் 14 முடிவு. 15-இல் தரவைச் சுத்தம் செய்வது, 16, 17 பகுப்பாய்வு, 18 அறிக்கை. 12 மாத கிராண்டுக்கு இந்த ட்ரையல் பொருந்தாது. அப்படி மட்டுமே கிடைக்கிறது என்றால் ஊர்களைக் குறைத்து முன்னோட்ட ஆய்வு என்று பெயர் மாற்றி, பலன் உண்டா என்று கேட்காமல், செய்ய முடியுமா, எத்தனை பேர் கடைசிவரை நிற்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாம் தவணை தாமதமானால்?

ஆகும். முதல் தவணைச் செலவுக்கு யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட் போன பிறகுதான் அடுத்தது வரும். மத்திய அரசுப் பணம் என்றால் படிவம் ஜிஎஃப்ஆர் 12-ஏ, கணக்கு மார்ச் 31-ஓடு. நம் உதாரணத்தில் பணம் ஜூலையில் வந்தால் மார்ச்சில் 9-ஆம் மாதம். அதனால் கணக்காளருக்கு 9, 10-ஆம் மாதங்களில் வேலை என்று அட்டவணையிலேயே ஒரு கோடு போடுங்கள். கடைசி அளவெடுக்கும் இரண்டு பேர் சம்பளத்துக்கு நிறுவனம் இரண்டு மாதம் முன்பணம் தரும் என்று உங்கள் தலைவரிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

20 சதவீதம் குறைத்துத் தாருங்கள் என்கிறார்கள். எங்கே வெட்டுவது?

எல்லா வரியிலும் 20 சதவீதம் வெட்டாதீர்கள், அது முதலில் போட்ட கணக்கே பொய் என்று ஒப்புக்கொள்வது மாதிரி. ஊர்களையும் வெட்டாதீர்கள், 16-ஐ 12 ஆக்கினால் 6 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க அந்த 80 சதவீத பவர் இருக்காது, மீதிச் செலவும் வீண். ஒரு முழு வேலையையே எடுங்கள்.

குலுக்கலுக்கு மூன்று மாதம் கழித்து ஒரு இடைக்கால அளவு என்று எங்களிடம் ஒன்று இருந்தது. முடிவுக்கு அது கட்டாயமில்லை. அதை எடுத்தால் 8-ஆம் மாத நடுவிலிருந்து 12-இன் தொடக்கம் வரை அந்த இரண்டு பேர் தேவையில்லை, ஆளுக்கு மூன்றரை மாதம், 7 ஆள் மாதம், 1,26,000 மிச்சம். போக்குவரத்திலும் இரண்டு சுற்று குறையும். ஆனால் ஆட்களை விட்டுவிட்டு மறுபடி சேர்த்தால் பயிற்சி திரும்பக் கொடுக்க வேண்டும், நடுவில் ஒரு தடவையும் நேரில் பார்க்காதவர்கள் கடைசியில் வீடு மாறிப் போயிருப்பார்கள். அதனால் ஒருங்கிணைப்பாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 320 பேருக்கும் போன் பண்ணி முகவரி உறுதிசெய்வார் என்று சேர்த்து, போன் செலவைக் கொஞ்சம் ஏற்றினோம். திருத்திய பட்ஜெட்டோடு "எடுத்தது இது, அதனால் இழப்பது இது" என்று அரைப் பக்கம் வைத்தோம். அவர்கள் கேட்ட 20 வரவில்லை, 9 சதவீதம்தான் வந்தது, ஒப்புக்கொண்டார்கள்.